‘டியர் சார்’ என்று ஆரம்பித்தால் எப்படி முடிப்பது?

எங்கள் அலுவலகத்தின் பொது மின்னஞ்சல் பெட்டியைச் சில வருடங்கள் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கேட்டு, சான்றிதழ் கேட்டு, பில் தொகை வரவில்லை என்று புகார் சொல்லி, தினமும் மெயில் வந்து குவியும். அதில் ஒன்று இன்னும் மறக்கவில்லை. ‘ரெஸ்பெக்டட் சார்/மேடம்’ என்று ஆரம்பம். நடுவில் மூன்றே வரி. கடைசியில் ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’. அதற்குக் கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. அதற்கும் கீழே, மெயில் தானாக ஒட்டிய ‘வார்ம் ரிகார்ட்ஸ்’. விருந்துக்கு வந்தவர் திண்ணையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, தெருமுனையில் ஒரு தடவை ‘போயிட்டு வரேங்க’ சொன்ன கதைதான்.

இந்த விஷயத்தில் நம்மிடம் இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ‘விஷயம் போய்ச் சேர்ந்தால் போதும், முடிவில் எதைப் போட்டால் என்ன?’ என்பது ஒன்று. ‘மரியாதைதானே, கூடப் போட்டால் குறைந்தா போய்விடும்?’ என்பது இன்னொன்று. இரண்டுமே கேள்வியைத் தவறவிடுகின்றன. மரியாதை எவ்வளவு என்பது இங்கே இரண்டாம் பட்சம். தொடக்கத்தில் எந்த உறவில் நின்று பேசினீர்களோ, முடிவிலும் அதே இடத்தில் நிற்கிறீர்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

‘நீங்கள் வந்தாய்’

‘நீங்கள் எப்போது வந்தாய்?’ என்று யாராவது கேட்டால் காதில் உறுத்தும். எழுவாயில் மரியாதை இருக்கிறது, வினைமுற்றில் அது காணாமல் போய்விட்டது. ‘நீ எப்போது வந்தீர்கள்?’ என்றாலும் அதே உறுத்தல்தான். இலக்கணப் புத்தகம் திறக்காத குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. ‘நீ’ என்றால் ‘வந்தாய்’, ‘நீங்கள்’ என்றால் ‘வந்தீர்கள்’. வாக்கியத்தின் தலையில் ஒரு உறவைச் சொன்னால் வாலிலும் அதே உறவு வந்தாக வேண்டும்.

மின்னஞ்சலை ஒரு நீண்ட வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் வரும் ‘டியர் சார்’, ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘அன்புள்ள கவிதா’ போன்றவற்றை விளி என்போம். வாலில் உங்கள் பெயருக்கு நேர் மேலே வரும் ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘தங்கள் உண்மையுள்ள’ போன்றவற்றை முடிப்புரை என்போம். விளி எழுவாய் மாதிரி, முடிப்புரை வினைமுற்று மாதிரி. இரண்டும் இயைய வேண்டும். மரியாதையை மூன்று மடங்காக்கினாலும் இயைபு தப்பினால் தப்புதான்.

முடிப்புரை முன்பு வாக்கியமாகத்தான் இருந்தது

வாக்கியம் என்று சொன்னது வெறும் உவமை இல்லை. பழைய ஆங்கிலக் கடிதங்களின் கடைசி வரியைப் பார்த்தால் தெரியும். ‘ஐயா, தங்களின் மிகவும் பணிவுள்ள சேவகனாக இருக்கும் பெருமை பெற்றேன்’ என்ற பொருளில் ஒரு முழு வாக்கியம் எழுதி, அதன் முடிவில் தன் பெயரைப் போட்டார்கள். பிரிட்டிஷ் காலத்து அரசாங்கக் கடிதங்களில் இது சர்வ சாதாரணம். யார் அந்தச் சேவகன்? கீழே கையெழுத்துப் போட்ட இன்னார். அந்த வாக்கியத்திலும் ‘ஐயா’ என்று ஒரு முறை திரும்ப அழைப்பதைக் கவனியுங்கள். மேலே வந்த விளி கீழேயும் எட்டிப் பார்க்கிறது.

காலப்போக்கில் அந்த நீளமெல்லாம் உதிர்ந்து ‘யுவர்ஸ்’ என்ற ஒரு சொல்லும் ஒரு அடைமொழியும் மிஞ்சின. ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்றால் ‘விசுவாசத்துடன் தங்களுடையவன்’, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றால் ‘உண்மையாகவே தங்களுடையவன்’. பள்ளிக்கூட லீவ் லெட்டரில் நாம் எழுதிய ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யும் அந்தச் சேவகனின் பேரன்தான். ஹெட்மாஸ்டருக்கு அது பொருந்தும். மின்கட்டணத்தில் பிழை இருக்கிறது என்று எழுதுகிறவர் யாருக்கும் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

நம்முடைய ‘தங்கள் உண்மையுள்ள’வில் இந்த வாக்கியத் தன்மை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘உண்மையுள்ள’ என்பது பெயரை எதிர்பார்த்து நிற்கும் சொல். ‘தங்கள் உண்மையுள்ள செல்வி’ என்று பெயரோடு சேர்ந்தால்தான் பொருள் முடியும். பெயரே போடாமல் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று நிறுத்திவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. மெயில் முகவரியில்தான் பெயர் இருக்கிறதே என்பார்கள். அடைமொழி மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விளி ‘நீங்கள் எனக்கு யார்’ என்று சொல்கிறது, முடிப்புரை ‘நான் உங்களுக்கு யார்’ என்று சொல்கிறது. ஒரே உறவின் இரு முனைகள்.

பெயர் தெரியுமா, தெரியாதா?

இனி நடைமுறைக்கு வருவோம். பிரிட்டிஷ் வழக்கில் விதி ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது. விளியில் ஆளின் பெயர் இருக்கிறதா?

பெயர் இல்லாமல் ‘டியர் சார்’, ‘டியர் மேடம்’, ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லி ‘டியர் மிஸ்டர் குமார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ஆங்கிலேயப் பள்ளிகளில் இதை நினைவில் வைக்க ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள்: இரண்டு ‘எஸ்’ ஒன்றாகச் சேரக் கூடாது. அதாவது ‘சார்’ வந்தால் ‘சின்சியர்லி’ வராது.

ஏன் இப்படி? முகம் தெரியாத ஒரு பதவிக்கு, ஒரு நாற்காலிக்கு எழுதும்போது, தனிப்பட்ட உணர்வு எதையும் கோர முடியாது. முறைப்படி நடந்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லலாம். பெயர் தெரிந்துவிட்டால் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், ‘உண்மையாகவே’ என்று சொல்ல இடம் இருக்கிறது. இது விதியின் வரலாறு அல்ல, நான் நினைவில் வைத்துக்கொள்ளும் வழி. ஆனால் தடுமாறும் இடங்களில் எல்லாம் இது கைகொடுக்கிறது.

இந்திய அரசு அலுவலகங்களில் இதே விதி வேறு உடையில் தினமும் நடமாடுகிறது. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதும் வழக்கமான கடிதம் ‘சார்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடியும். அதே அதிகாரி, தேங்கிக் கிடக்கும் ஒரு கோப்பைத் தனிக் கவனத்துக்குக் கொண்டுவர, இன்னொரு அதிகாரிக்குப் பெயர் சொல்லி எழுதுவது டி.ஓ. லெட்டர். அது ‘டியர் ஸ்ரீ இன்னார்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியும். நாற்காலிக்கு ஒரு ஜோடி, நாற்காலியில் இருக்கும் மனிதருக்கு இன்னொரு ஜோடி.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ கிட்டத்தட்ட புழக்கத்தில் இல்லை. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ‘சின்சியர்லி’ என்ற ஒற்றைச் சொல் போதும். முறையான கடிதத்தில் விளிக்குப் பின் காற்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைப்பார்கள். எனவே லண்டனுக்கு எழுதும் மெயிலை நகலெடுத்து அப்படியே சிகாகோவுக்கு அனுப்பினால் குடி ஒன்றும் முழுகிவிடாது, கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ‘ரிகார்ட்ஸ்’. ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’, ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ எல்லாம் கடிதத்தைவிட மின்னஞ்சலில் அதிகம் புழங்குபவை. பெயர் சொல்லித் தொடங்கிய எந்த மெயிலுக்கும் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ பொருந்தும். மூன்று வரி மெயிலுக்கு ‘யுவர்ஸ் சின்சியர்லி’ கனமாகத் தெரிந்தால் இதைப் போடலாம். அடைமொழி எதுவும் இல்லாத வெறும் ‘ரிகார்ட்ஸ்’ சிலருக்குக் கோபமாக இருக்கிறோமோ என்று தோன்றவைக்கும். நான் புகார் எழுதும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவேன்.

‘நன்றி’, ‘தேங்க்ஸ்’ இரண்டும் முடிப்புரையே இல்லை என்பது என் கட்சி. அது செய்தியின் கடைசி வரி. செய்தியோடு சேர்த்து எழுதிவிட்டு, ஒரு வரி விட்டு முடிப்புரைக்கு வரலாம். ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ நம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் புகார் மெயிலில் எதற்கு நன்றி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தமிழில் எழுதும்போது

தமிழில் இயைபு இன்னும் எளிது. பெரும்பாலும் அதே சொல்லே திரும்ப வரும். ‘அன்புள்ள’ என்று தொடங்கினால் ‘அன்புடன்’. ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கினால் ‘மதிப்புடன்’, அல்லது பள்ளியில் படித்த ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’. ஒரு அமைப்பிலிருந்து பலருக்குப் போகும் அழைப்பு மெயில் என்றால் ‘அன்புடையீர்’ என்று தொடங்கலாம். அதில் ‘அன்பு’ இருந்தாலும் அது பொது அழைப்பின் விளி, நெருக்கம் காட்டுவது இல்லை. அதற்கு ‘இப்படிக்கு’ போட்டு அமைப்பின் பெயர் போதும். இலங்கைத் தமிழர் கடிதங்களில் ‘ஐயா/அம்மணி’ என்று பார்க்கலாம். நம் பக்கத்து ‘ஐயா/அம்மையீர்’ போலத்தான்.

தடுக்கி விழும் இடம் ‘டியர்’ என்பதை ‘அன்புள்ள’ என்று மாற்றும்போது வருகிறது. ‘டியர் சார்’ என்பதில் உள்ள ‘டியர்’ எப்போதோ சாயம் போன சொல், அன்பு எதையும் சொல்லவில்லை. நம் ‘அன்புள்ள’ அப்படிச் சாயம் போகவில்லை. அம்மாவுக்கு எழுதும் சொல் அது. வட்டாட்சியருக்கு ‘அன்புள்ள ஐயா’ என்று எழுதி ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தால், தலையில் வீட்டு உறவும் வாலில் அலுவலக உறவுமாக மறுபடி ‘நீ வந்தீர்கள்’தான்.

நடுவில் வரும் சொற்களும் இதில் சேரும். ‘மதிப்பிற்குரிய’, ‘தங்கள்’ என்று இரு முனையும் கட்டிவிட்டு, நடுவில் ‘உங்க ஆபீஸ்ல யாரும் போன் எடுக்க மாட்டேங்கிறாங்க’ என்று எழுதினால் முனைகள் இரண்டும் பொய்யாகிவிடும்.

சுருக்கமாக: ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் தொடங்கிய சொல் எது என்று பாருங்கள்.

ஒரு உரையாடலைத் தொடர்ந்து பார்ப்போம்

விளி ஒரே இடத்தில் நிற்காது. மெயில் போய், பதில் வந்து, மறுபடி போகும்போது உறவு நகரும். அதோடு முடிப்புரையும் நகர வேண்டும். கற்பனையாக ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். மதுரையில் பட்டம் முடித்த கவிதா, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுகிறாள். மதிப்பெண் பட்டியலை மூடி முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டுமா, ஸ்கேன் போதுமா என்பதுதான் கேள்வி. அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

```
Dear Sir or Madam,

Should my transcript be posted in a sealed
envelope, or will a scanned copy do?

Yours faithfully,
Kavitha Murugesan
```

‘யுவர்ஸ்’ என்பதில் முதல் எழுத்து மட்டும் பெரியது, அடுத்த சொல் சின்ன எழுத்தில் தொடங்குகிறது. விளிக்குப் பின் காற்புள்ளி வைத்ததால் முடிப்புரைக்குப் பின்னும் வைத்திருக்கிறாள். மேலே வைக்காவிட்டால் கீழேயும் வைக்க வேண்டாம். இயைபு புள்ளி வரைக்கும் போகிறது.

இரண்டு நாளில் பதில். ஸ்கேன் போதும் என்ற ஒரு வரி, கீழே ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’, ஹெலன் கார்ட்டர் என்ற பெயர். ஆனால் தொடக்கம்தான் கவிதாவைத் தூக்கிவாரிப் போட்டது. ‘டியர் மிஸ்டர் முருகேசன்’! அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்கள்.

இது ஹெலனின் தவறு இல்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது தன் பெயரும், தலைப்பெழுத்தாக அப்பா பெயரும். பாஸ்போர்ட்டிலும் விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதுகிறோம். வெளிநாட்டுக்காரர் அந்தக் கட்டத்தில் இருப்பதைத்தான் மிஸ்டருக்குப் பின்னால் வைப்பார். கவிதா என்பது பெண் பெயர் என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மெயிலில் கவிதா இரண்டு காரியம் செய்தாள். தன்னைக் கவிதா என்றே அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தாள். கையொப்பத்தில் பெயருக்கு முன் `Ms` என்று போட்டாள். திருமதியா, செல்வியா என்று காட்டிக்கொடுக்காத அடை அது.

இப்போது ஹெலனின் பெயர் தெரிந்துவிட்டதே, பழைய ஜோடி செல்லாது:

```
Dear Ms Carter,

Thank you. The scan is attached.
Please do call me Kavitha.

Yours sincerely,
Ms Kavitha Murugesan
```

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். விளியை மாற்றிவிட்டு, முதல் மெயிலில் இருந்து நகலெடுத்த ‘ஃபெய்த்ஃபுல்லி’யைக் கீழே அப்படியே விட்டுவிடுவார்கள். ‘டியர் ஹெலன்’ என்று போடலாமா என்றால், இன்னும் இல்லை. அவர் முழுப் பெயரோடு கையொப்பமிட்டிருக்கிறார்.

ஹெலனின் இரண்டாவது பதில் ‘ஹாய் கவிதா’ என்று தொடங்கி, கீழே வெறும் ‘ஹெலன்’ என்று முடிந்தது. ஒருவர் தன்னை எப்படிக் கையொப்பமிடுகிறாரோ, அப்படி அழைக்க அனுமதி தருகிறார் என்று அர்த்தம். இனி ‘டியர் ஹெலன்’, ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’. அவர் ‘ஹாய்’ சொன்னதற்காக இவளும் ‘ஹாய்’க்கு இறங்க வேண்டும் என்றில்லை. கேட்கும் இடத்தில் இருப்பவர் அரைப்படி பின்னால் நிற்பது உத்தமம். ‘சின்சியர்லி’யைத் தொடர்ந்தால் அதுவும் இப்போது விறைப்பாகத் தெரியும். அன்றைக்கே நாலைந்து முறை மெயில் போய்வந்தால் விளியும் முடிப்புரையும் சேர்ந்தே உதிர்ந்துவிடலாம். ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும். விளி இல்லாத ஒற்றை வரிக்குக் கீழே ‘யுவர்ஸ் சின்சியர்லி’ நிற்பது, தலை இல்லாத பொம்மைக்குச் செருப்புப் போட்ட மாதிரி.

கையொப்பமிட்டவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால்? சாம் கார்ட்டர் என்றால் இரண்டும் இருக்கலாம். ‘டியர் சாம் கார்ட்டர்’ என்று முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் இருப்பதால் முடிப்புரை ‘சின்சியர்லி’தான். தமிழில் ‘திருமிகு’ அந்த வேலையைச் செய்யும்.

நம் ஊர் வழக்கமான ‘டியர் ரமேஷ் சார்’ பற்றியும் கேட்பீர்கள். இங்கே தாராளமாக எழுதலாம், பெயர் இருப்பதால் ‘ரிகார்ட்ஸ்’ வகைகள் பொருந்தும். ஆனால் சொற்களை முன்பின்னாக்கி ‘டியர் சார் ரமேஷ்’ என்று பிரிட்டனுக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் ராணி, ராஜா கையால் பட்டம் வாங்கியவர் என்று பொருள்.

தானாக ஒட்டிக்கொள்ளும் வால்

ஆரம்பத்தில் சொன்ன மூன்று விடைபெறலுக்கு வருகிறேன். அதில் கடைசி ஒன்று அனுப்பியவர் எழுதியதே இல்லை. மெயிலின் அடியில் பெயர், பதவி, தொலைபேசி எண் எல்லாம் தானாக வந்து நிற்கும் பகுதிக்குக் கையொப்பப் பகுதி என்று பெயர். அது ‘நான் யார், எப்படித் தொடர்புகொள்வது’ என்று சொல்லும் விசிட்டிங் கார்டு. எல்லா மெயிலுக்கும் ஒன்றுதான். முடிப்புரையோ ஆளுக்கு ஆள், மெயிலுக்கு மெயில் மாறுவது. மாறும் ஒன்றை மாறாத ஒன்றுக்குள் போட்டுப் பூட்டியதால்தான், வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதினாலும் கீழே ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ வந்து சிரிக்கிறது.

ஜிமெயிலில் கணினித் திரையின் மேல் வலப்பக்கம் பல்சக்கரத்தை அழுத்தி, `See all settings` போய், `General` பகுதியில் கீழே இறங்கினால் `Signature` என்று இருக்கும். அதில் ‘ரிகார்ட்ஸ்’ வகையறா ஏதாவது இருந்தால் அழித்துவிட்டுப் பெயரில் இருந்து தொடங்கும்படி வையுங்கள். பக்கத்தின் அடியில் `Save Changes` அழுத்த மறந்தால் பழையது அப்படியே இருக்கும். வழக்கமாகக் கையொப்பப் பகுதிக்கு மேலே இரண்டு சிறு கோடுகளை ஜிமெயில் போடும். முடிப்புரையை அந்தக் கோட்டுக்கு மேலே, ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்ச வேண்டும். தட்டும் முன் கண் ஒரு தடவை மேலே போய் விளியைப் பார்த்துவிட்டு வரும். கைபேசியில் இருந்து அனுப்புகிறவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும். செயலியில் கையொப்பம் தனியாக இருக்கலாம், கணினியில் அழித்த ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.